கிரேக்க வினைச்சொல்: ஒரு 'ஸ்'ஸால நான் நாலு கரண்ட் பில் கட்டின கதை

நவீன கிரேக்கம் புதுசா படிக்கிற ரெண்டு மூணு பேரோட வாராவாரம் பேசிட்டு இருக்கேன், அவங்க வாயத் திறந்தா நான் பழசுல பண்ணின அதே சொதப்பல் அப்படியே வருது. உச்சரிப்பு, விகுதி எல்லாம் தானா சரியாகிடும், அத விடுங்க. இந்த ஒண்ணுதான் இன்னும் எரிச்சல கிளப்புது.

'ஸ்' வந்தா இறந்தகாலம்னு நினைக்கிறது

'ப்ளிரோனோ'ன்னா பணம் கட்டுறேன். புத்தகத்துல முதல்ல இறந்தகாலம் வரும், 'ப்ளீரோஸா' கட்டினேன்னு. உடனே மண்டை என்ன பண்ணும், 'ன' நிகழ்காலம், 'ஸ' இறந்தகாலம்னு ஆணி அடிச்சு வச்சுக்கும். அப்புறம் எதிர்காலம் வரும்போது 'தா'வ முன்னாடி ஒட்டி 'தா ப்ளிரோனோ'ன்னு சொல்லிடுவோம், ஏன்னா 'ஸ்' போட்டா பழசாகிடுமோன்னு பயம். (இந்த 'தா', இங்கிலீஷ் 'திங்க்'ல வர்ற முதல் சத்தம்.)

நான் தெசலோனிக்கில ஒரு கிரேக்கப் பையனோட ரூம் ஷேர் பண்ணிட்டு இருந்தப்போ கரண்ட் பில் வந்துச்சு. அவன் கையில அன்னைக்கு காசு இல்ல. காபிக் கடையில 'ப்ளிரோனோ எகோ', அதாவது நான் கட்டுறேன்னு ஆளாளுக்கு சொல்றத கேட்டிருக்கேன், அது ரொம்ப சரியான கிரேக்கம். நான் அதுக்கு முன்னாடி 'தா' போட்டா இன்னும் மரியாதையா இருக்கும்னு நினைச்சு 'தா ப்ளிரோனோ எகோ தோ ரெவ்மா'ன்னு சொன்னேன். அடுத்த பில்லும் என் மேசையில இருந்துச்சு, அதுக்கடுத்ததும். நாலாவது பில்லுக்கு கேட்டேன், ஏன்டா எப்பவும் நானான்னு. அவன் நிஜமாவே குழம்பிப் போயி, "நீதானடா இனிமே கரண்ட் பில் நான் கட்டிட்டு இருக்கேன்னு சொன்ன"ன்னான். தப்பு அவன் மேல இல்ல, நான் சொன்னதுக்கு அர்த்தமே அதுதான். 'தா ப்ளிரோஸோ'ன்னு சொல்லியிருந்தா ஒரு பில்லோட முடிஞ்சிருக்கும்.

நடந்தது என்னன்னா, 'ன', 'ஸ' ரெண்டுக்கும் காலத்தோட சம்பந்தமே கிடையாது. 'ப்ளிரோன்' பேருக்குத்தான் நிகழ்கால வேர், திரும்பத் திரும்ப நடக்கிறதுக்கும் நடந்துட்டு இருக்கிறதுக்கும். 'ப்ளிரோஸ்' அயோரிஸ்ட் வேர், ஒரு காரியத்த முழுசா ஒரே துண்டா பாக்கிறதுக்கு. இறந்தகாலத்தக் காட்டுறது கடைசில வர்ற 'ஆ' விகுதியும், அழுத்தம் முன்னாடி நகர்றதும் மட்டும்தான். அதனால 'ப்ளீரோனா' கட்டிட்டு இருந்தேன் இல்ல வழக்கமா கட்டுவேன், 'ப்ளீரோஸா' கட்டினேன். எதிர்காலத்துல 'தா ப்ளிரோனோ' இனி கட்டிட்டு வருவேன், 'தா ப்ளிரோஸோ' கட்டிடுறேன். அதே ரெண்டு வேர், அதே வித்தியாசம்.

நம்ம ஆளுங்க இதுல ஈஸியா வழுக்குறதுக்கு காரணம் தமிழ்தான். 'நாளைக்கு கட்டுறேன்'னு நிகழ்காலத்துலயே எதிர்காலத்த சொல்லிடுறோம், 'கட்டுவேன்'ல ஒருதடவையா எப்பவுமான்னு தெரியாது. ஆனா நம்மகிட்ட 'இடு'ன்னு ஒண்ணு இருக்கே, அத சோதனையா வச்சுக்கோங்க: 'கட்டிடுறேன்'னு சொல்ல வந்தா அயோரிஸ்ட், 'கட்டிட்டு இருப்பேன்', 'மாசாமாசம் கட்டுவேன்'னு சொல்ல வந்தா நிகழ்கால வேர். எல்லா இடத்துலயும் உதவாது, எதிர்காலத்துக்கு நல்லாவே உதவும். போன வாரம் ஒருத்தர் வீட்டு ஓனருக்கு 'நாளைக்கு பேப்பர் அனுப்புறேன்'னு 'தா ஸ்தெல்னோ' போட்டார். 'அனுப்பிடுறேன்'தானே, அப்போ 'தா ஸ்தீலோ'. அயோரிஸ்ட்ல 'ஸ்' எப்பவும் வராதுங்கிறதையும் இங்கயே பாத்துக்கோங்க, உள்ள இருக்கிற உயிரெழுத்து மாறியிருக்கு, 'ன'வும் காணோம்.

ரொம்ப நாள் நடந்துச்சுன்னா நிகழ்கால வேர்னு நினைக்கிறது

நாளோட நீளம் கணக்கே இல்ல. 'ரெண்டு வருஷம் வேலை பாத்தேன்'னு முழுசா மூடிட்டு சொன்னா 'தூலெப்ஸா தியோ க்ரோனியா', அயோரிஸ்ட்தான். 'நான் அங்க வேலை பாத்துட்டு இருந்தப்போ அவன் வந்தான்'னு சொன்னா 'தூலெவா', ஏன்னா இப்ப அந்த வேலை பின்னணி, முடிவப் பத்திப் பேச்சே இல்ல.

எதிர்காலத்துல இருந்து இறந்தகாலத்த ஊகிக்கிறது

'தா பாரோ'ன்னா எடுத்துக்கிறேன், ஆனா எடுத்தேன்னா 'பீரா', 'எபாரா' இல்ல. பாக்கிறதுக்கு 'வ்லேபோ', 'தா தோ', 'ஈதா'. மூணையும் சேர்த்தே மனப்பாடம் பண்ணுங்க, குறுக்கு வழி கிடையாது.

எல்லா இடத்துலயும் முன்னாடி 'எ' ஒட்டுறது

'எக்ராப்ஸா' எழுதினேன், ஆனா 'க்ராப்ஸாமே' எழுதினோம். அழுத்தம் கடைசில இருந்து மூணாவது அசைல விழணும், அதுக்கு அசை பத்தாதப்போ மட்டும் 'எ'.

'கானோ'வுக்கு ரெண்டாவது வேர் தேடுறது

கிடையாது. செஞ்சேன், செஞ்சிட்டு இருந்தேன் ரெண்டுக்கும் 'எகானா'தான்.