"இப்பகுதி நாடகத்தின் இயல்புக்கு எந்த அளவு பொருந்துகிறது?" வகைக் கேள்விக்கு விடை எழுதுவது

ஆங்கில இலக்கியத் தேர்வில் ஷேக்ஸ்பியர் நாடகத்திலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்து இப்படிக் கேட்பார்கள். முதல் மாதிரித் தேர்வில் நான் எழுதியது நாடகத்தின் முழுக் கதை. கொடுத்த பகுதியைப் பற்றி இருந்தது நாலு வரிதான். மதிப்பெண்ணும் அதற்கேற்றாற்போல் வந்தது.

'மேக்பெத்' வாயிற்காவலன் காட்சியை வைத்துப் பார்ப்போம் (அங்கம் 2, காட்சி 3). மன்னன் டங்கனைக் கொன்றாயிற்று. கதவு தட்டப்படுகிறது. குடிபோதையில் காவலன் தன்னை நரகத்தின் வாயிற்காவலனாக நினைத்துக்கொண்டு உளறுகிறான்.

முதலில் பகுதியில் கண்ணில் படும் நான்கைந்து விஷயங்களுக்குப் பென்சிலால் அடிக்கோடு இடுங்கள். கலர் பேனா வேண்டாம், நேரம்தான் போகும். இங்கே எனக்குப் பட்டவை: உரைநடை, நகைச்சுவை, நரகம், இரட்டை அர்த்தத்தில் பேசி ஏய்ப்பவன், கதவு தட்டும் சத்தம்.

அடுத்த படியில்தான் நான் சறுக்கினேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நாடகத்தில் வேறு எங்கே வருகிறது என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். 'பொருந்தும்', 'பொருந்தாது' என்று மட்டும் எழுதினால் விடை அங்கேயே நின்றுவிடும். 'பொருந்தாதது போலத் தெரிகிறது, ஆனால்' என்கிற இடம்தான் நமக்கு வேண்டும்.

உதாரணமாக, இந்த நாடகத்தில் சிரிப்பு அபூர்வம். அந்த வகையில் இக்காட்சி தனித்து நிற்கிறது. ஆனால் காவலன் கேலி செய்யும் அதே இரட்டைப் பேச்சில்தான் சூனியக்காரிகள் மேக்பெத்தை வீழ்த்துகிறார்கள். பர்னம் காடு நகர்ந்து வருகிறது என்று கேட்டதும், உண்மைபோலப் பொய் சொல்லும் பேயின் இரட்டைப் பேச்சை அவனே சந்தேகிக்கிறான் (அங்கம் 5, காட்சி 5). காவலன் வேடிக்கையாகச் சொன்ன சொல், அங்கே மேக்பெத்தின் வாயில் அச்சத்தோடு வருகிறது. உரைநடையும் அப்படித்தான்: தூக்கத்தில் நடக்கும் லேடி மேக்பெத் பேசுவதும் உரைநடையே. நரகம் இருண்டது என்கிறாள், கதவு தட்டுகிறது என்கிறாள். ஆக, இந்தக் காட்சியின் தொனி தனி. சொற்களும் படிமங்களும் நாடகத்தினுடையவை. 'எந்த அளவு' என்ற கேள்விக்கு என் பதில் இதுதான், இதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவேன்.

பத்தி எழுதும்போது பகுதியின் ஒரு சொல்லில் தொடங்கி, வெளியே போய், திரும்பப் பகுதிக்கே வந்து முடியுங்கள். வெளியே இரண்டு மூன்று வாக்கியம் போதும். அதைத் தாண்டினால் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பிற்சேர்க்கை: புத்தகம் இல்லாத தேர்வில் வெளி மேற்கோள் நினைவுக்கு வராவிட்டால் என்ன செய்வது என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். யார், எந்தத் தருணத்தில் என்று சரியாகச் சொன்னாலே இடம் புரியும். அரைகுறை மேற்கோளை விட அது மேல். அப்புறம், கேள்வி 'நாடகம்' என்றால் ஷேக்ஸ்பியரின் மற்ற நாடகங்களுக்குப் போக வேண்டாம்.