புயல் கடந்தது, அறிக்கை சொல்கிறது

மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் மாலை நேரத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குச் சுருக்கி வரைதல் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் பண்ருட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுதிக் கொடுத்த தாளின் முதல் வரி இது: "தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடக்கிறது."

வகுப்பில் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படித்து முடிக்கும் முன்பே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், இப்பவே வெளியே போய்ப் பார்க்கணும்போல இருக்கு" என்றாள். புயல் வந்தபோது அவளுக்கு 7 வயது. வீட்டுத் தோப்பில் முந்திரி விழுந்ததை நேரில் பார்த்தவள். ஆனாலும் கை "கடக்கிறது" என்றுதான் எழுதியிருக்கிறது. ஏன் என்று கேட்டேன். "நீங்கதானே சார், சுருக்கத்தை நிகழ்காலத்தில் எழுதணும்னு சொன்னீங்க" என்றாள்.

தப்பு பாதி என்னுடையது. நான் சொன்னது ஆவணத்தின் கூற்றுக்கு. அவள் அதை ஒவ்வொரு வினைக்கும் போட்டுவிட்டாள். நடந்தது இறந்தகாலத்தில் வர வேண்டும். ஆவணம் வாதிடுவது, சுட்டுவது, பரிந்துரைப்பது நிகழ்காலத்தில் வர வேண்டும், ஏனென்றால் புயல் போய்விட்டது, தாள் மேசை மேல் கிடக்கிறது. அதைத் திறக்கும்போதெல்லாம் அது அதையே சொல்கிறது.

பயிற்சிக்கு நானே எழுதிக் கொடுத்த கற்பனை அறிக்கைப் பத்தி இது. புயலின் நாளும் இடமும் உண்மை, குழுவும் அதன் பயணமும் கற்பனை.

"தானே புயல் 2011 டிசம்பர் 30ஆம் தேதி காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரி, பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன. இக்குழு 12 ஊர்களுக்குச் சென்று தோப்புகளைப் பார்வையிட்டது. ஒட்டு முந்திரிக்கன்று நட்ட 3ஆம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். பலாவுக்கு அதைவிடக் கூடுதல் ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒரே தவணையில் கொடுக்கும் இழப்பீடு போதாது. மரம் பலனுக்கு வரும்வரை ஆண்டுதோறும் தவணை கொடுக்க வேண்டும்."

முதல் வரிக்குப் பிறகு அவள் எழுதியது: "முந்திரி, பலா மரங்கள் சாய்ந்துள்ளன. குழு 12 ஊர்களைப் பார்வையிடுகிறது. ஒட்டுக் கன்று 3ஆம் ஆண்டில் காய்த்ததாக அறிக்கை கூறியது. ஒரே தவணை இழப்பீடு போதவில்லை என்று கூறப்பட்டது."

முதல் வாக்கியத்தையும் சேர்த்தால் ஐந்து வாக்கியம். ஐந்திலும் காலம் பிசகியிருக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே ரகப் பிசகு இல்லை. "கடக்கிறது", "பார்வையிடுகிறது" இரண்டும் சுலபமானவை. படிக்கிறவர் சிரித்துவிட்டுத் திருத்திப் படித்துக்கொள்வார், பொருள் கெடாது. பொருளையே மாற்றிவிடுகிறவை கடைசி இரண்டும்தான்.

"காய்த்ததாக" என்பதைப் பாருங்கள். அறிக்கை சொல்வது முந்திரியின் இயல்பு, ஒட்டுக் கன்று நட்டால் எப்போது காய்க்கும் என்பது. "காய்த்ததாக" என்றதும் அது எங்கோ ஒரு தோப்பில் நடந்த சம்பவமாகிவிட்டது. புயலுக்குப் பின் நட்ட கன்று காய்த்துவிட்டது போலிருக்கிறது, அதைக் குழு பார்த்துவிட்டு வந்து எழுதியது போலிருக்கிறது என்றுதான் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். தமிழில் இந்த "ஆக" சேரும் இடத்தில் காலம் ஒளிந்துகொண்டிருக்கும். காய்த்ததாக என்றால் நடந்தது, காய்ப்பதாக என்றால் வழக்கம் அல்லது இனி நடப்பது. வாக்கியத்தின் கடைசி வினையை மட்டும் சரிபார்க்கிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். எச்சங்களிலும் அப்படித்தான். "பலனுக்கு வந்த மரம்" வேறு, "பலனுக்கு வரும் மரம்" வேறு.

"போதவில்லை" இன்னும் மோசம். "போதாது" என்பது ஒரு மதிப்பீடு, இப்படிக் கொடுத்தால் பற்றாது என்ற வாதம். "போதவில்லை" என்றால் பணம் கைக்கு வந்து, செலவழித்துப் பார்த்து, பற்றாமல் போனது என்று பொருள். ஓர் அரசு அறிக்கையின் சுருக்கத்தில் இந்த ஒரு சொல், வழங்காத தொகையை வழங்கிவிட்டதாக ஆக்கிவிடும்.

இது எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பள்ளியில் ஆங்கில இலக்கண வகுப்பில் நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றச் சொல்லி, உள்ளே இருக்கும் வினையின் காலத்தையும் ஒரு படி பின்னுக்குத் தள்ளப் பழக்குகிறார்கள். பிள்ளைகள் அதைத் தமிழுக்கும் எடுத்து வந்துவிடுகிறார்கள். தமிழில் அந்த வேலையே வேண்டாம். "என்று" போட்டால் போதும், அதற்கு முன்னால் இருப்பது ஆவணத்தில் உள்ளபடியே நிற்கும். "போதாது என்று வாதிடுகிறது", "காய்க்கும் என்று சுட்டுகிறது". "மரங்கள் சாய்ந்தன என்று குறிப்பிடுகிறது" என்பதும் சரிதான். உள்ளே இறந்தகாலம், வெளியே நிகழ்காலம், இரண்டும் சண்டையில்லாமல் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. குழப்பம் வந்தால் "ஆக"வை விட்டுவிட்டு "என்று"க்கு வந்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வது.

அப்புறம் அந்த "சாய்ந்துள்ளன". இது செய்தித்தாள் வழக்கு. புயல் அடித்த மறுநாள் பேப்பரில் "மரங்கள் சாய்ந்துள்ளன" என்று வந்தால் பொருத்தம், மரம் இன்னும் சாலையில் கிடக்கிறது. பல ஆண்டு கழித்து எழுதும் சுருக்கத்தில் அதே சொல், மரம் இன்றும் அப்படியே கிடக்கிறது என்று சொல்கிறது. இந்த "உள்ளது", "உள்ளன" இறந்தகாலமும் இல்லாமல் நிகழ்காலமும் இல்லாமல் நடுவில் நிற்பதால், எந்தக் காலம் போடுவது என்று தெரியாதவர்கள் ஒதுங்கும் திண்ணையாகிவிட்டது. என் வகுப்பில் சுருக்கத்துக்குள் அதற்கு இடமில்லை. கொஞ்சம் பிடிவாதம்தான், இருக்கட்டும்.

"கூறப்பட்டது" பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யார் கூறினார்கள் என்பது போய்விட்டது. அதை நிகழ்காலத்துக்கு மாற்றி "கூறப்படுகிறது" என்றால் டீக்கடைப் பேச்சாகிவிடும். "அறிக்கை" என்ற எழுவாயைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தால் காலமும் தானாக ஒழுங்குக்கு வந்துவிடும்.

எழுவாய்தான் இதில் நல்ல அடையாளம். குழு என்பது ஆட்கள். அவர்கள் போனார்கள், பார்த்தார்கள், எண்ணினார்கள், வந்துவிட்டார்கள். அறிக்கை என்பது தாள். அது சொல்கிறது, காட்டுகிறது, பரிந்துரைக்கிறது. "குழு கண்டறிந்தது" என்றால் சம்பவம், "அறிக்கை காட்டுகிறது" என்றால் கூற்று. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதலாம், எழுவாயோடு சேர்ந்து காலமும் மாறினால் யாருக்கும் இடறாது. அறிக்கையே எழுவாயாக இருந்தும் இறந்தகாலம் வரும் இடம் உண்டு. அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டது, அச்சானது, திரும்பப் பெறப்பட்டது எல்லாம் அதற்கு நேர்ந்த சம்பவங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் வினைக்கு முன்னால் ஒரு தேதியை வைத்துப் பார்க்கச் சொல்வேன். "டிசம்பர் 30 அன்று கடந்தது", ஒட்டுகிறது. "மார்ச் 10 அன்று சமர்ப்பிக்கப்பட்டது", ஒட்டுகிறது. "மார்ச் 10 அன்று அறிக்கை பரிந்துரைக்கிறது", ஒட்டவில்லை. தேதி ஒட்டினால் இறந்தகாலம், துருத்திக்கொண்டு நின்றால் நிகழ்காலம். எதிர்மறையில் மட்டும் கவனம் வேண்டும். "இல்லை" காலம் காட்டாது. "குழு நெல்லிக்குப்பம் போகவில்லை" என்பதும் "அறிக்கை வாழையைக் குறிப்பிடவில்லை" என்பதும் ஒரே உருவம்தான். இரண்டாவதை அப்படியே விடலாம். முதலாவது சம்பவம் என்று தெரிய "அந்தப் பயணத்தில்" என்று ஒரு சொல் சேர்த்துவிடுவது நல்லது.

எல்லா ஆவணத்துக்கும் இந்தப் பங்கீடு பொருந்தாது. கூட்ட நடவடிக்கைக் குறிப்பைச் சுருக்கும்போது பேசியதே சம்பவம். உறுப்பினர் கேட்டார், தலைவர் பதிலளித்தார், தீர்மானம் நிறைவேறியது என்று முழுக்க இறந்தகாலத்தில் போவதே இயல்பு. தீர்ப்பிலும் நீதிமன்றம் உத்தரவிட்டது சம்பவம், தீர்ப்பில் உள்ள காரணம் கூற்று. ஒரே அறிக்கைக்கு வரைவும் இறுதிப் பதிப்பும் இருந்து, இடையில் கருத்து மாறியிருந்தால், "வரைவு ஒரே தவணை போதும் என்றது, இறுதி அறிக்கை போதாது என்கிறது" என்று எழுதலாம். இங்கே "என்றது" தவறில்லை. அந்தக் கூற்று இப்போது செல்லாது என்பதைக் காலமே காட்டிவிடுகிறது.

எழுதியவர் இறந்துவிட்டால் என்ன செய்வது என்று புதுச்சேரியிலிருந்து வரும் பையன் கேட்டான். அவன் ஊர்க்காரரையே எடுத்துக்கொண்டோம். ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார், 1761இல் இறந்தார். இரண்டும் சம்பவம். 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டார்கள், அதுவும் சம்பவம். ஆனால் அந்த முற்றுகை நாட்களைப் பற்றி நாட்குறிப்பு விவரிக்கிறது. பிள்ளை அதில் எழுதுகிறார் என்றும் சொல்லலாம், ஏனென்றால் அந்த இடத்தில் "பிள்ளை" என்பது ஆள் இல்லை, பக்கம். "அப்போ ஒரே பேர், ரெண்டு காலமா சார்?" என்றான். ஆமாம், தொடங்கியவர் ஆள், விவரிப்பவர் ஏடு.

இதெல்லாம் முடிந்த பிறகு பண்ருட்டிப் பெண் திருத்திக் கொண்டுவந்தது:

"2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது, பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 12 ஊர்த் தோப்புகளைப் பார்வையிட்ட குழுவின் அறிக்கை, ஒட்டு முந்திரி 3ஆம் ஆண்டில்தான் காய்க்கத் தொடங்கும் என்றும் பலாவுக்கு மேலும் ஆண்டுகள் ஆகும் என்றும் சுட்டுகிறது. எனவே ஒரே தவணை இழப்பீடு போதாது என்று வாதிடுகிறது; மரம் பலனுக்கு வரும்வரை ஆண்டுதோறும் தவணை கொடுக்கப் பரிந்துரைக்கிறது."

காலம் எல்லாம் சரி. "3ஆம் ஆண்டில்தான்" என்பதில் உள்ள "தான்" பத்தியில் இல்லையே என்று கேட்டேன். "நட்டுட்டு உட்கார்ந்திருந்தா தெரியும் சார், எவ்வளவு நாள்னு" என்றாள். அது அவள் அப்பாவின் கூற்று, அறிக்கையின் கூற்று இல்லை. சிவப்பு மையால் அடித்துவிட்டுத் தாளைக் கொடுத்தேன்.