எட்டுப் பேரில் ஒருவர் கடைசியாகத்தான் இருக்க வேண்டுமா?

அந்த மீட்டிங் அறையில் திரையில் ஓர் எக்செல் தாள் ஓடிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் பெயர்கள், வலப்பக்கம் ரேட்டிங். கீழே ஒரு கட்டம் மட்டும் சிவப்பாக இருந்தது. என் டீமில் எட்டுப் பேர். கடைசி ரேட்டிங்கில் ஒருவராவது இருக்க வேண்டும். நான் யாரையும் போடவில்லை. "ஒரு பேர் கொடுங்க, முடிச்சுடலாம்" என்றார் எச்.ஆர். அதிகாரி. பத்து நிமிடம் வாதாடிவிட்டு ஒரு பெயரைக் கொடுத்தேன். கட்டம் பச்சையானது.

பெல் கர்வ் அப்ரைசலில் நடக்கும் தவறுகள் பலவற்றுக்கும் வேர் அந்தச் சிவப்புக் கட்டம்தான். முதல் பத்து, இருபது சதவீதம் பேர் உயர்ந்தவர்கள், பெரும்பாலோர் நடுத்தரம், கடைசிப் பத்து சதவீதம் பேர் பின்தங்கியவர்கள் என்று முன்கூட்டியே இடம் ஒதுக்கிவிட்டு, அதில் ஆட்களை நிரப்பும் முறை இது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஜாக் வெல்ச் 20-70-10 என்று இதை நடத்தியதிலிருந்துதான் பெரிய அளவில் பரவியது. மைக்ரோசாஃப்ட் பல ஆண்டுகள் இதே மாதிரி ஒரு முறையை வைத்திருந்து, 2013 நவம்பரில் கைவிட்டது. ஆனாலும் பெயரை மாற்றிக்கொண்டு பல இடங்களில் இன்னும் நடக்கிறது.

முதல் தவறு, இந்த வளைவைச் சின்ன டீமின் மேல் வைப்பது. ஒரு பெரிய நிறுவனத்தில் கடைசிப் பத்து சதவீதம் யார் என்று நமக்குத் துல்லியமாகத் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். அங்கிருந்து எந்தத் தேர்வும் இல்லாமல் எட்டுப் பேரை எடுத்து ஒரு டீம் அமைக்கிறோம். அந்த எட்டுப் பேரில் கடைசிப் பத்து சதவீதத்தைச் சேர்ந்தவர் ஒருவர்கூட இல்லாமல் போக எவ்வளவு வாய்ப்பு? 0.9-ஐ எட்டு முறை பெருக்கினால் 0.43. அதாவது நூறு டீம்களில் சுமார் 43 டீம்களில் அப்படி ஒருவரே கிடையாது. சரியாக ஒருவர் இருப்பது சுமார் 38 டீம்களில். மீதி 19 டீம்களில் இரண்டு பேரோ அதற்கு மேலோ இருப்பார்கள். ஆனால் விதி எல்லா டீமிடமும் ஒரே ஒரு பெயரைத்தான் கேட்கிறது. ஆகவே பாதிக்கும் மேற்பட்ட டீம்களில் அந்த எண்ணிக்கை தொடக்கத்திலேயே தப்பு. மேனேஜர் எவ்வளவு நியாயமானவராக இருந்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. வரிசை என்று நிறுத்தினால் கடைசியில் ஒருவர் நிற்கத்தான் செய்வார். கடைசியில் நிற்பதும் வேலையைச் சரியாகச் செய்யாமல் இருப்பதும் ஒன்றல்ல. அதிலும், ஒவ்வோர் ஆண்டும் கடைசியில் இருந்தவர்களை அனுப்பிவிட்டு, மிச்சமிருப்பவர்கள் மேல் அதே வளைவைத் திரும்பத் திரும்பப் போடும்போது, நன்றாக வேலை செய்பவர்களே அந்த இடத்துக்கு வந்துசேர்கிறார்கள்.

சரி, அந்த ஒரு பெயர் யாருடையதாக அமைகிறது? டீமுக்குப் புதிதாக வந்தவர், பாதியில் வேறு டீமிலிருந்து மாறியவர், மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பியவர், போன வருஷம் உயர்ந்த ரேட்டிங் வாங்கியதால் 'இந்த வருஷம் பொறுத்துக்கொள்வார்' என்று கருதப்படுபவர். எதிர்த்துக் கேட்க மாட்டார்கள் என்ற இடத்தில் அது போய் விழுகிறது. நான் கொடுத்த பெயர், எங்கள் டீமில் இரண்டு புதியவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்த ஒரு சீனியர் பெண்ணுடையது. மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களை ரிவ்யூ செய்வதிலேயே அவருடைய பாதி நாள் போகும். அதனால் அவர் பெயரில் டிக்கெட் என்று பதிவாகி முடிந்த வேலைகளின் எண்ணிக்கை குறைவு. தாளில் காட்டுவதற்கு எனக்கு வசதியாக இருந்த எண் அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் இரண்டாவது தவறு. என்னைப் பொறுத்தவரை முதலாவதைவிட மோசமானது. ரேட்டிங் குறைந்தபின், அதற்குப் பொருந்தும்படி கருத்துரையைத் திருத்தி எழுதினேன். 'புதியவர்களுக்குப் பெரிய துணை' என்றிருந்த வரி போய், 'முன்முயற்சி போதவில்லை' என்று வந்தது. எதிரே உட்கார்ந்து அவர் கேட்டார்: "போன மாசம்கூட எல்லாம் நல்லா போகுதுன்னுதானே சொன்னீங்க சார். எந்த வேலையில குறைஞ்சுது, ஒண்ணு சொல்லுங்க." என்னிடம் ஒன்றும் இல்லை. ஒதுக்கீட்டைச் சொல்லக் கூடாது என்பது எங்களுக்கு உத்தரவு. இல்லாத குறையைச் சொல்லி ஒருவரை அனுப்பினால், அவர் அந்தக் குறையைத் திருத்திக்கொள்ளத் தன்னைக் குடைவார், அல்லது பக்கத்து இருக்கையில் இருப்பவர் தன்னைப் பற்றி ஏதோ போட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைப்பார். எங்கள் டீமில் இரண்டாவதுதான் நடந்தது.

அவநம்பிக்கை சண்டையாக வெளியே வருவதில்லை. அதனால் மேனேஜருக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. முதலில் பொது சாட்டில் கேள்விகள் நின்றன. தெரியாததைக் கேட்டால் அது யாராவது எடுத்துவைக்கும் ஆதாரமாகிவிடும் என்ற பயம். பிறகு ரிவ்யூக்கள் மேலோட்டமாயின. 'ஓகே' என்று ஒரு சொல்லோடு முடிந்தன. ஏனென்றால் அடுத்தவர் பிழையைப் பிடித்துக்கொடுத்தால் அவர் மேலே போவார், தான் கீழே வர வேண்டும். அதோடு, 'இதை நான்தான் செய்தேன்' என்று மேலதிகாரியையும் சேர்த்து அனுப்பும் மெயில்கள் கூடின. இந்த மூன்றில் இரண்டு தெரிந்தாலே டீமுக்குள் வரிசைப் போட்டி புகுந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். யாரும் கெட்டவர்கள் ஆகிவிடவில்லை. உதவி செய்தால் தன் போனஸ் குறையும் என்ற கணக்கை நிறுவனமே கையில் கொடுத்திருக்கிறது.

இதிலிருந்து வெளியே வர, விதியை மாற்றும் அதிகாரம் உள்ளவர்கள் முதலில் டீம் அளவிலான ஒதுக்கீட்டை எடுத்துவிட வேண்டும். ரேட்டிங் எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்ப்பதில் தப்பில்லை. சில மேனேஜர்கள் எல்லோருக்கும் உயர்ந்த ரேட்டிங் கொடுத்துவிடுகிறார்கள் என்ற கவலை உண்மையானதுதான். வளைவு வந்ததற்கே அது ஒரு காரணம். ஆனால் அதை நூற்றுக்கணக்கானோர் உள்ள பிரிவு அளவில் பாருங்கள், அதுவும் கேள்வி கேட்பதற்காக மட்டும். 'உங்கள் எட்டுப் பேரும் எப்படி இந்த ரேட்டிங்கில் இருக்கிறார்கள், வேலையைக் காட்டுங்கள்' என்று கேட்கலாம். காட்டிவிட்டால் எண்ணை மாற்றக் கூடாது. உண்மையிலேயே வேலை சரியில்லாதவரைப் பற்றி அந்த மாதமே அவரிடம் பேச வேண்டும். வருடக் கடைசியில் ஒதுக்கீட்டை நிரப்புவதற்காக அவரைச் சேர்த்துவைக்கக் கூடாது.

விதியை மாற்ற முடியாத மேனேஜர் என்ன செய்யலாம்? ஒதுக்கீடு கைக்கு வருவதற்கு முன்பே, எட்டுப் பேரின் கருத்துரைகளையும் எழுதித் தேதியோடு சேமித்துவிடுங்கள். பிறர் வேலைக்குக் கொடுத்த உதவியையும் அதில் பெயர் சொல்லி எழுதுங்கள்: யாருக்கு, எந்த வேலையில், என்ன பயன். பிறகு மேலிருந்து ரேட்டிங் மாறினாலும் கருத்துரையைத் தொடாதீர்கள். இரண்டும் பொருந்தாமல் நிற்கட்டும். மேல்முறையீடு செய்ய அந்த ஊழியரின் கையில் இருக்கும் ஒரே சான்று அதுதான். நேரில் பேசும்போது, "உங்கள் வேலையில் நான் குறை காணவில்லை, இந்த ரேட்டிங் நான் பரிந்துரைத்ததும் இல்லை" என்று சொல்லிவிடுங்கள். இதைச் சொல்ல எனக்கு இன்னும் ஓர் ஆண்டு பிடித்தது. அதற்குள் அந்த சீனியர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.