மாதப் பராமரிப்புத் தொகை: இனி ஒரே பக்கத்தில் கட்டுவது எப்படி?

குடியிருப்போர் அனைவருக்கும் செயற்குழுவின் சார்பில் பொருளாளர் எழுதுவது.

சென்ற மாதம் 9ஆம் தேதி மட்டும் சங்கத்தின் வங்கிக் கணக்கில் 3,200 ரூபாய் பதினொரு முறை வரவாகியிருந்தது. அனுப்பியவர்களில் ஐந்து பேரின் பெயர்கள் நம் உறுப்பினர் பட்டியலிலேயே இல்லை. ஒருவர் குறிப்பில் ‘மெயின்டனன்ஸ்’ என்று எழுதியிருந்தார். அது எங்களுக்கும் தெரியும். எந்த வீட்டுக்கு என்பதுதான் தெரியவில்லை. மருமகன் கணக்கிலிருந்து கட்டியவர், நண்பரின் செல்பேசியிலிருந்து அனுப்பியவர், உரிமையாளருக்காகக் கட்டிய வாடகைதாரர் என்று ஒவ்வொருவராகத் தேடிப் பிடிப்பதற்குள் எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அதற்குள் ஒழுங்காகக் கட்டியிருந்த இரண்டு வீடுகளுக்கு நிலுவை நினைவூட்டல் போய்விட்டது. அவர்கள் லிஃப்டில் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

பணம் வந்து சேருவதில் நமக்குச் சிக்கல் இருந்ததே இல்லை. வந்த பணம் யாருடையது என்று தெரிவதில்தான் சிக்கல். அதனால் அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல் பராமரிப்புத் தொகையை ஒரே கட்டணப் பக்கத்தின் வழியாகவே பெறுவது என்று முடிவு செய்திருக்கிறோம். அந்தப் பக்கம் முதலில் வீட்டு எண்ணைக் கேட்கும், பிறகுதான் பணத்தைக் கேட்கும். அதன் பயன் முழுவதும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. செல்பேசியில் பணம் அனுப்பிப் பழகாதவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பழகியவர்கள், பணம் போய் ரசீது வராமல் நின்றால் என்ன செய்வது என்ற பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

முதல் படி: பக்கத்தைத் திறப்பது

மாதந்தோறும் 1ஆம் தேதி உங்கள் அஞ்சல் பெட்டியில் போடப்படும் பில்லின் அடியில் ஒரு கியூஆர் கட்டம் இருக்கும். செல்பேசியின் கேமராவை அதன் முன் பிடித்தால் ஓர் இணைப்பு தோன்றும். அதைத் தொட்டால் பக்கம் திறக்கும். கேமரா ஒத்துழைக்காவிட்டால் கட்டத்தின் கீழே அச்சிட்டிருக்கும் முகவரியைத் தட்டச்சு செய்யலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கட்டம் ஒரு பக்கத்தைத் திறக்கும், அவ்வளவுதான். கடைகளில் இருப்பதைப்போல நேராகத் தொகையையும் பின் எண்ணையும் கேட்காது. அப்படிக் கேட்டால் நீங்கள் ஸ்கேன் செய்தது நம் பில்லில் உள்ள கட்டம் அல்ல. காவலாளி அறைச் சுவரில் ஒட்டியிருந்த பழைய கட்டத்தைக் கிழித்துவிட்டோம். அதைப் படம் பிடித்து வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: வீட்டைத் தேர்ந்தெடுப்பது

பிளாக், வீட்டு எண் இரண்டையும் தேர்ந்தெடுத்தவுடன் உரிமையாளர் பெயரின் முதல் சில எழுத்துகள் மட்டும் தெரியும். வாடகைக்கு இருப்பவர்கள் அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். கட்டுபவர் யாராக இருந்தாலும் தொகை வீட்டின் கணக்கில்தான் பதிவாகும். அடுத்து வரும் கட்டத்தில், ரசீது எந்தச் செல்பேசிக்கு வர வேண்டுமோ அந்த எண்ணைக் கொடுங்கள்.

இரண்டு வீடு வைத்திருப்பவர்கள் இரண்டு முறை கட்ட வேண்டும். இரண்டையும் கூட்டி ஒரே தொகையாக அனுப்பும் பழைய வழக்கத்தால்தான் எங்கள் கணக்குப் புத்தகம் பாதி குழம்பியது.

மூன்றாம் படி: தொகையைச் சரிபார்ப்பது

தொகையை நீங்கள் தட்டச்சு செய்ய முடியாது. பில்லில் உள்ள வரிகள் அப்படியே திரையில் வரும். என் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன்: பி-304. மாதப் பராமரிப்பு 3,200 ரூபாய், தண்ணீர் லாரிச் செலவில் பங்கு 450, முந்தைய நிலுவை 600, ஆக மொத்தம் 4,250. (பொருளாளர் வீட்டிலேயே நிலுவையா என்று கேட்பீர்கள். கேளுங்கள், நியாயம்தான்.)

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு டிக் குறி இருக்கிறது. நிலுவை என்று காட்டுவதை நீங்கள் முன்பே கட்டிவிட்டதாக நினைத்தால், அந்த ஒரு வரியின் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் கட்டுங்கள். நிலுவையைப் பற்றித் தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். சர்ச்சைக்குரிய 600 ரூபாய்க்காக 3,650 ரூபாயை நிறுத்தி வைத்தால், முழுத் தொகைக்கும் தாமதக் கட்டணம் ஏறிவிடும்.

நான்காம் படி: எந்த வழியில் கட்டுவது

யுபிஐ, டெபிட் அட்டை, கிரெடிட் அட்டை, நெட் பேங்கிங் என்று நான்கு வழிகள் இருக்கின்றன. என் பரிந்துரை யுபிஐ. அதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை. கிரெடிட் அட்டைக்கு நம் பக்கத்தில் 2 சதவீதமும், அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. என் 4,250 ரூபாய்க்கு அது 85 ரூபாயும் 15 ரூபாய் 30 காசும். ஆக 100 ரூபாய் 30 காசு கூடுதலாகப் போகும். இதைச் சங்கம் ஏற்காது, கட்டுபவரே ஏற்க வேண்டும். அட்டைக்குக் கிடைக்கும் புள்ளிகளுக்காக இதைச் செய்பவர்கள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

செல்பேசியில் யுபிஐயைத் தொட்டால் உங்கள் செயலி தானாகத் திறக்கும். கணினியில் என்றால் சில நிமிடங்களில் காலாவதியாகும் ஒரு கியூஆர் கட்டம் தோன்றும். எதுவானாலும் பின் எண்ணைப் போடுவதற்கு முன் இரண்டைப் பாருங்கள்: பெறுபவர் இடத்தில் சங்கத்தின் பெயர் இருக்கிறதா, தொகை சரியாக இருக்கிறதா. அங்கே ஒரு தனிமனிதரின் பெயர் இருந்தால், அது என் பெயராகவே இருந்தாலும், உடனே நிறுத்திவிடுங்கள்.

யுபிஐயை நேற்றோ இன்றோதான் பதிவு செய்தீர்கள் என்றால், முதல் 24 மணி நேரத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. மூன்று மாதத்துக்கு முன்பணமாகக் கட்ட நினைக்கும் புதியவர்கள் ஒரு நாள் பொறுத்துச் செய்யுங்கள்.

பின் எண்ணைப் போட்டதும் பலர் செல்பேசியை மூடி வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் கட்டணப் பக்கத்துக்குத் திரும்பி வந்து, ரசீது எண் தோன்றும்வரை காத்திருங்கள். திரும்பாவிட்டாலும் பெரும்பாலும் பணம் சரியாகவே பதிவாகிவிடும். ஆனால் இடையில் ஏதாவது தடைப்பட்டிருந்தால், அதை நீங்கள் அறியும் நேரம் அதுதான்.

பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை

இதை அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். செயற்குழுவில் சிலர் சென்ற மாதமே இந்தப் பக்கத்தைச் சோதித்துப் பார்த்தோம். 8ஆம் தேதி இரவு 9.40க்கு நான் 4,250 ரூபாய் கட்டினேன். திரை சுழன்றுகொண்டே இருந்து, கடைசியில் பணம் வரவில்லை என்றது. வங்கியிலிருந்தோ பணம் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. நான் பதற்றத்தில் 9.50க்கு மறுபடியும் கட்டினேன். பத்தரை மணிக்கு இரண்டுமே வெற்றி என்று காட்டின. ஆக, என் கணக்கிலிருந்து 8,500 ரூபாய் போயிருந்தது. எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியவன் செய்த வேலை இது.

நடந்தது என்னவென்றால், பணம் உங்கள் வங்கியிலிருந்து புறப்பட்டு யுபிஐ அமைப்பின் வழியாகச் சங்கத்தின் பக்கம் வருகிறது. ‘வந்துவிட்டது’ என்ற பதில் தனியாக வருகிறது. பணம் நகர்ந்த பிறகும் அந்தப் பதில் வழியில் தாமதப்படலாம். பக்கம் அதற்காக ஓரளவுதான் காத்திருக்கும். பிறகு தோல்வி என்று எழுதிவிடும்.

அதனால் பக்கம் சொல்வதை மட்டும் நம்பாமல், யுபிஐ செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். Failed என்று இருந்து, வங்கிக் கணக்கிலும் பணம் குறையாமல் இருந்தால் தாராளமாக மறுபடி கட்டலாம். Pending என்றால் எதையும் தொடாதீர்கள். Success என்று இருந்தால் அரை மணி நேரம் கழித்துக் கட்டணப் பக்கத்தை மறுபடி திறந்து உங்கள் வீட்டைத் தேர்ந்தெடுங்கள்; பெரும்பாலும் பாக்கி இல்லை என்றே காட்டும். அப்போதும் பாக்கி காட்டினால், அந்தப் பரிவர்த்தனையில் உள்ள 12 இலக்கக் குறிப்பு எண்ணை வீட்டு எண்ணோடு சங்க அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பணம் எங்கே நிற்கிறது என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் தேட முடியும்.

பதில் கடைசிவரை வந்து சேராவிட்டால், எடுத்த பணத்தை வங்கி தானாகவே திருப்பித் தர வேண்டும். கடைக்கோ சங்கத்துக்கோ கட்டிய யுபிஐ பணத்துக்கு, கட்டிய நாளிலிருந்து 5 நாள் கெடு. அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இது ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வகுத்த விதி. நீங்கள் 10ஆம் தேதிக்குள் கட்ட முயன்று, குறிப்பு எண்ணையும் தெரிவித்திருந்தால், பணம் திரும்பி வந்து நீங்கள் மறுபடி கட்டும்வரை தாமதக் கட்டணம் போட மாட்டோம்.

என்னைப்போல இரண்டு முறை கட்டிவிட்டால், கூடுதல் தொகையைத் திரும்பப் பெறலாம் அல்லது வரும் மாதங்களுக்கு வரவு வைத்துக்கொள்ளலாம். திரும்பப் பெறுவதற்குச் சில வேலை நாட்கள் ஆகும். பணம் கட்டிய அதே கணக்குக்குத்தான் போகும்; வேறு கணக்கு எண் கொடுத்தால் அனுப்ப இயலாது.

ரசீதும் ஸ்கிரீன்ஷாட்டும்

குழுவில் ஸ்கிரீன்ஷாட் போட வேண்டாம். அதைப் பார்த்து நாங்கள் எதையும் பதிவு செய்வதில்லை. உங்கள் செயலி என்ன சொன்னது என்பதற்கு மட்டுமே அது சாட்சி, சங்கத்துக்கு வந்ததற்கு அல்ல. குறுஞ்செய்தியில் வரும் ரசீதில் வீட்டு எண், மாதம், ரசீது எண் மூன்றும் இருக்கும். சங்கத்தின் வங்கிக் கணக்கில் பணம் இரண்டு வேலை நாள் கழித்துத்தான் சேரும் என்றாலும், ரசீதில் இருக்கும் தேதியே கட்டிய தேதியாகக் கொள்ளப்படும்.

இன்னொன்று: பக்கத்தின் முகவரி மாறினால் அச்சிட்ட பில்லிலும் அறிவிப்புப் பலகையிலும்தான் தெரிவிப்போம். ‘புதிய இணைப்பு, இன்றே கட்டவும்’ என்று வாட்ஸ்அப்பில் யார் பெயரில் வந்தாலும் அது எங்களுடையது அல்ல. தொகையைத் திருப்பித் தருவதற்காக உங்கள் பின் எண்ணையோ ஓடிபியையோ நாங்கள் கேட்க மாட்டோம். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் சனிக்கிழமை காலை 10 முதல் 12 மணிக்குள் அலுவலகத்தில் காசோலை கொடுக்கலாம். பின்புறம் வீட்டு எண் எழுதியிருக்க வேண்டும். அதை நாங்களே அதே பக்கத்தில் பதிந்து ரசீது தருவோம். பழைய வங்கிக் கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் தானாகப் பணம் போகும்படி ஏற்பாடு செய்திருப்பவர்கள், இந்த மாதம் 25ஆம் தேதிக்குள் வங்கியில் அதை நிறுத்திவிடுங்கள்.