விலாசம் வெட்டிய பாத்திரங்களுக்குக் கணக்கு

காரைக்குடியில் எங்கள் அறக்கட்டளையின் பொருள் அறைக்கு, பழைய வீடுகளைக் காலிசெய்வோர் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி அனுப்புவார்கள். முன்பு பதிவேட்டில் "பாத்திரம், ஒரு மூட்டை" என்றே இருந்ததால் இருப்பைச் சரிபார்க்க வழியில்லை.

பொறுப்பேற்றதும், கொடுப்பவர் முன்னிலையிலேயே மூட்டையைப் பிரித்து, ஒவ்வொன்றையும் எடைபோட்டு எண்ணட்டை கட்டச் செய்தேன். செட்டிநாட்டுப் பாத்திரங்களில் குடும்பத்தின் தலைப்பெழுத்துகளான விலாசம் வெட்டியிருக்கும் என்பதால், அதையும் பதிவேட்டில் எழுதினால் பொருள் மாறினால் உடனே தெரிந்துவிடும்.

மதிப்பிடுவதில்தான் கவனம் அதிகம் வேண்டும். ஈயம் தேய்ந்த 9 கிலோ பித்தளை அண்டாவில் புளி சேர்த்துச் சமைக்கக் கூடாது. ஆகவே அதைப் பழைய பித்தளையாகவே மதிப்பிட்டு, கிலோ 450 ரூபாய் என்றால் 4,050 ரூபாய் என்று, விலை கேட்ட தேதியோடு எழுதுகிறோம். ரசீதில் பொருளின் விவரம் மட்டுமே இருக்கும். பொருளாகத் தரும் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

சிறு குடும்பத்துக்கு அண்டா பயன்படாது. கொடுத்தவரிடம் எழுத்தில் சம்மதம் பெற்று அதை விற்று, எவர்சில்வர் குடங்கள் வாங்கினோம். கேட்டவர்கள் குடங்களைவிட அதிகமாக இருந்ததால், குடமே இல்லாத வீடுகளுக்கு முதலில் கொடுத்து, மீதிக்கு எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கினோம்.