7-ஆம் வீட்டில் 28 பரல் இல்லையா? கணக்கைப் பிரித்துப் பாருங்கள்

திருமணப் பொருத்தம் பார்க்கும்போது "ஏழாம் வீட்டில் பரல் குறைவு" என்று கேட்டுக் கவலைப்படுபவர்கள் பலர். அந்த எண் எப்படி வருகிறது, எதோடு ஒப்பிட வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு. பரல் என்பது ஏழு கிரகங்களும் லக்னமும் தாங்கள் இருக்கும் இடத்திலிருந்து எண்ணி ராசிகளுக்குத் தரும் புள்ளி. ஒரு கிரகத்துக்கான புள்ளிக் கணக்கு அதன் வர்க்கம், ஏழு கிரகங்களின் வர்க்கங்களையும் கூட்டினால் வருவது சர்வாஷ்டக வர்க்கம். ராசிக் கட்டமும் லக்னமும் பார்க்கத் தெரிந்திருந்தால் போதும்.

படி 1: எண்ணை எடுங்கள். சர்வாஷ்டக வர்க்கக் கட்டத்தில் எண்கள் ராசிவாரியாக இருக்கும். லக்னத்தை 1 என்று வைத்து ஏழாவது ராசியின் எண்ணை எடுங்கள். மேஷ லக்னம் என்றால் துலாம். எடுப்பதற்கு முன் பன்னிரண்டு எண்களையும் கூட்டிப் பாருங்கள், 337 வர வேண்டும்.

(பின்சேர்க்கை: தனக்கு 386 வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த மென்பொருள் லக்னத்தின் சொந்த வர்க்கத்தின் 49 பரல்களையும் சேர்த்திருக்கிறது. அமைப்பில் அதை நீக்கிவிடுங்கள். 337-ஐவிட நிறையக் குறைந்தால், திரிகோண சோதனை போன்ற கழிவுகள் செய்த பின் வரும் கட்டத்தைப் பார்க்கிறீர்கள். நமக்கு வேண்டியது கழிக்காத கட்டம்.)

படி 2: 28-ஐ மறந்துவிடுங்கள். 337-ஐ 12-ஆல் வகுத்தால் 28 சொச்சம். அதனால் 28-க்குக் கீழே போனாலே பலவீனம் என்று சொல்லிவிடுகிறார்கள். ஏழாம் வீட்டுக்கு இது சரியான அளவுகோல் இல்லை.

காரணம் லக்னம்தான். ஏழு கிரகங்களின் வர்க்கத்திலும் சேர்த்து லக்னம் 45 பரல்கள் தருகிறது, அதாவது வீட்டுக்குச் சராசரியாக நாலுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் பங்கீடு சமமாக இல்லை. 11-ஆம் வீட்டுக்கு ஏழு வர்க்கத்திலும் பரல் கிடைக்கிறது. 7-ஆம் வீட்டுக்குக் குருவின் வர்க்கத்தில் மட்டும், ஒரே ஒரு பரல். யார் ஜாதகமாக இருந்தாலும் இது மாறாது. ஆகவே ஏழாம் வீடு தொடக்கத்திலேயே ஏறக்குறைய மூன்று பரல் பின்தங்கியிருக்கிறது. அதனால் நான் 25-ஐ நடுக்கோடாக வைத்துக்கொள்கிறேன்.

"ஏழுக்கு 19 போதும்" என்ற கணக்கையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒவ்வொரு வர்க்கத்திலும் யாரிடமிருந்து எத்தனையாவது ராசிக்குப் பரல் உண்டு என்று சொல்லும் அட்டவணை இருக்கிறது. அந்த எல்லா அட்டவணைகளிலும் 7 என்ற எண் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் 19 வரும். உங்கள் கிரக நிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதனால் அதை எல்லையாக நான் எடுப்பதில்லை.

படி 3: சுக்கிரனைத் தனியாக எண்ணுங்கள். மொத்தம் மட்டும் காட்டும் செயலிகள் எனக்குப் பிடிக்காது. யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதைக் கையால் எண்ண ஐந்து நிமிடம் போதும்.

ஓர் எடுத்துக்காட்டு. மேஷ லக்னம். ரிஷபத்தில் சுக்கிரன், மிதுனத்தில் சூரியன், கடகத்தில் புதன், கன்னியில் செவ்வாய், தனுசில் குரு, மகரத்தில் சனி, கும்பத்தில் சந்திரன். ஒவ்வொருவரிடமிருந்தும் துலாம் எத்தனையாவது ராசி என்று, அவர் நிற்கும் ராசியையும் சேர்த்து எண்ண வேண்டும்.

சந்திரனுக்கு 9, குருவுக்கு 11, சனிக்கு 10. சுக்கிரனின் அட்டவணையில் இந்த மூன்றுக்கும் பரல் உண்டு. சூரியனுக்கு 5, செவ்வாய்க்கு 2, புதனுக்கு 4, சுக்கிரனுக்கே 6. இவற்றுக்கு இல்லை. லக்னத்துக்கு 7, அதற்கும் இல்லை. ஆக மூன்று பரல்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சுக்கிரனின் அட்டவணையில் 7 என்ற எண்ணே கிடையாது. எனவே ஏழாம் வீட்டில் சுக்கிரன் எட்டுப் பரல் வாங்கவே முடியாது, உச்சம் ஏழுதான். லக்னத்திலேயே நிற்கும் கிரகமும் அங்கே அவருக்குப் பரல் தராது. லக்னத்தில் நாலு கிரகம் கூடியிருந்தால் சுக்கிரனின் எண் சரிவதில் அதிசயம் இல்லை.

படி 4: சேர்த்துப் படியுங்கள். இதே ஜாதகத்தில் மற்றவர்களின் வர்க்கங்களில் துலாத்துக்குக் கிடைப்பது: சூரியன் 4, சந்திரன் 3, செவ்வாய் 5, புதன் 4, குரு 6, சனி 2. சுக்கிரனின் 3 சேர்த்தால் 27. பழைய அளவுகோலில் இது "சராசரிக்குக் கீழ்". 25-ஐ வைத்துப் பார்த்தால் தாராளம்.

தனி வர்க்கத்தில் நாலு என்பது நடுநிலை. சுக்கிரன் அதற்கு ஒரு படி கீழே, குரு நன்றாக மேலே. மணவாழ்க்கைக்கு ஆதரவு உண்டு, ஆனால் அது இன்பம், ஈர்ப்பு என்பதைவிடக் குடும்பம், பெரியவர்களின் துணை என்ற வழியில் அதிகம் வருகிறது என்று படிப்பேன். கோசாரத்தில் குரு துலாத்தைக் கடக்கும் ஏறக்குறைய ஓராண்டு, ஆறு பரல் இருப்பதால், வரன் அமைய நல்ல காலம். சனி அங்கே வரும்போது இரண்டே பரல், இழுபறி இருக்கும்.

அப்புறம், 27 என்ற எண் ஏழாம் அதிபதியின் நிலையையோ நடக்கும் தசையையோ சொல்லாது. இங்கே அதிபதி சுக்கிரன் ரிஷபத்தில் ஆட்சி. அந்த பலம் பரல் கணக்கில் எங்கும் வரவில்லை. அதைத் தனியாகத்தான் எடைபோட வேண்டும்.