தொகையிடல் சரி, dm தவறு

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமை மாலைகளில் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். பள்ளியில் மொமென் இனெர்சியா என்று படித்துவிட்டு வருபவர்கள், நான் நிலைமத் திருப்புத்திறன் என்றதும் முதல் நாள் கொஞ்சம் முழிப்பார்கள். ஒவ்வொரு துண்டின் நிறையையும் அச்சிலிருந்து அதன் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டினால் வருவதுதான் அது. பெயர் இரண்டு நாளில் பழகிவிடும். கணக்கில் அவர்கள் சறுக்கும் இடம் மட்டும் வருடத்துக்கு வருடம் மாறுவதே இல்லை. x²-ஐத் தொகையிட்டால் x³/3 என்று எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தைய வரியில், dm என்ற சின்னத் துண்டின் நிறையை எழுதும்போதுதான் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் தண்டு. ஆய்வகத்து மீட்டர் கோலையே எடுத்துக்கொள்வோம். நீளம் 1 மீட்டர், நிறை 0.12 கிலோகிராம். ஒரு முனையில் ஆணியடித்துச் சுழல விட்டால் திருப்புத்திறன் எவ்வளவு? போன மாதம் ஒரு பையன் இரண்டே வரியில் முடித்துவிட்டான். "சார், கோலோட நிறை முழுக்க நடுவுலதானே இருக்கு? அப்போ தூரம் அரை மீட்டர். 0.12 × 0.5² = 0.03."

எடை நடுவில் செயல்படுவதாகக் கொள்ளலாம் என்று திருப்புவிசைக்குப் படித்ததை அப்படியே இங்கே கொண்டு வந்துவிட்டான். திருப்புவிசையில் தூரம் ஒருமுறைதான் பெருக்கப்படுகிறது, அதனால் சராசரித் தூரத்தை வைத்துக் கணக்கிட்டாலும் விடை கெடாது. இங்கே பெருக்கப்படுவது தூரத்தின் வர்க்கம். ஆணிக்குப் பக்கத்தில் இருக்கும் துண்டுகளால் குறைவதைவிட, மறுமுனையில் இருக்கும் துண்டுகளால் கூடுவது அதிகம். முறையாகச் செய்தால் dm = (M/L) dx, எல்லை 0 முதல் L வரை:

I = (M/L) ∫ x² dx = ML²/3

அதாவது 0.04. அவனுக்கு விட்டுப்போன 0.01 எங்கே என்று கேட்டால், அதுதான் கோல் தன் நடுப்புள்ளியைச் சுற்றிச் சுழலும்போது உள்ள ML²/12. நிறையை நடுவில் குவித்ததும் அந்தப் பங்கு காணாமல் போய்விட்டது.

தண்டில் இன்னொரு சறுக்கல், எல்லைகள். x என்பது கோலின் நுனியிலிருந்து அளக்கும் தூரம் அல்ல, அச்சிலிருந்து அளக்கும் தூரம். 25 செ.மீ. குறியில் துளை போட்டால் எல்லைகள் −L/4 முதல் 3L/4 வரை. இதற்கு 7ML²/48 வரும், நம் கோலுக்கு 0.0175. அச்சு நடுவில் இருந்தால் −L/2 முதல் L/2 வரை. இங்கே சிலர் 0 முதல் L/2 வரை மட்டும் தொகையிட்டு, இரண்டால் பெருக்க மறந்து ML²/24-இல் நின்றுவிடுவார்கள். ஒரு பெண் அதே 0 முதல் L/2 வரைதான் போட்டாள், ஆனால் dm = (2M/L) dx என்று எழுதியிருந்தாள். விடை சரியாக ML²/12 வந்தது. குருட்டு அதிர்ஷ்டம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். யோசித்தால், கோலை நடுவில் மடித்து ஒரு பாதியை மறு பாதிமேல் வைத்தது போலத்தான் அது. ஒவ்வொரு துண்டின் தூரமும் மாறவில்லை, ஆகவே முழுக்கச் சரி.

தண்டைப் பற்றி இவ்வளவு போதும். உண்மையான தொல்லை வட்டத்தட்டில்தான்.

மையத்தின் வழியே, தட்டுக்குச் செங்குத்தாக அச்சு. தண்டுக்கு M/L போட்ட கை, தட்டுக்கு M/R போடுகிறது. dm = (M/R) dr, 0 முதல் R வரை, விடை MR²/3. அலகைப் பார்த்தால் கிலோகிராம் மீட்டர் வர்க்கம், குறை சொல்ல முடியாது. நிறையைக் கூட்டிப் பார், M வருகிறதா என்று நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். (M/R) dr-ஐத் தொகையிட்டால் அச்சொட்டாக M வருகிறது! இரண்டு காவலையும் தாண்டிப் போய்விடும் தவறு இது. அதனால்தான் இதற்கு இவ்வளவு நேரம் செலவிடுகிறேன்.

M/R என்று எழுதியவர் தன்னையறியாமல் சொல்வது என்ன? dr அகலமுள்ள வளையம் எங்கே இருந்தாலும் அதன் நிறை ஒன்றே என்கிறார். மையத்தை ஒட்டிய மோதிரமளவு வளையமும், விளிம்பில் இருக்கும் பெரிய வளையமும் ஒரே எடை என்றால், நடுப்பகுதி மிகக் கனமாகவும் விளிம்பு மெல்லியதாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒரு தட்டுக்கு MR²/3 சரியான விடைதான். நாம் கேட்டது சீரான தட்டு.

இதைச் சமையலறைப் பொருளை வைத்தே காட்டிவிடலாம் என்று ஒரு நாள் சப்பாத்தி மாவு எடுத்துப் போனேன். 60 கிராம் உருண்டையை 16 செ.மீ. விட்டத்துக்குத் தேய்த்தேன். வாய் 8 செ.மீ. உள்ள எவர்சில்வர் டம்ளரை நடுவில் கவிழ்த்து அழுத்தி எடுத்தேன். "நடு வட்டம் எவ்வளவு இருக்கும்?" என்றேன். "பாதி ஆரம், அதனால முப்பது கிராம் சார்." தராசில் வைத்தால் 16. சரியாக 15 வந்திருக்க வேண்டும், நான் தேய்த்தது நடுவில் கொஞ்சம் தடிப்பு. பாதி ஆரத்துக்குள் இருப்பது பரப்பில் கால் பங்குதான். முக்கால் பங்கு மாவு வெளி வளையத்தில் இருக்கிறது. M/R கணக்குப்படி உள்ளே பாதி இருந்திருக்கும்.

ஆகவே தட்டுக்கு நான் வைக்கும் சோதனை இது: நீங்கள் எழுதிய dm-ஐ 0 முதல் R/2 வரை தொகையிடுங்கள், M/4 வரவில்லை என்றால் மேலே போகாதீர்கள்.

சரியான dm-க்கு, r ஆரமுள்ள மெல்லிய வளையத்தை ஓரிடத்தில் வெட்டி நேராக நீட்டுங்கள். 2πr நீளமும் dr அகலமும் உள்ள நாடா கிடைக்கும். சிலர் இந்த இடத்தில் πr² dr என்று எழுதுவார்கள், அது பரப்பல்ல, கன அளவு. அலகைப் பார்த்தாலே மாட்டிக்கொள்ளும்.

dm = (M/πR²) · 2πr dr = (2M/R²) r dr

I = (2M/R²) ∫ r³ dr = MR²/2

"நாடாவின் வெளி ஓரம் உள் ஓரத்தைவிட நீளமாச்சே சார்?" என்று யாராவது கேட்பார்கள், நல்ல கேள்வி. வளையத்தின் துல்லியமான பரப்பு 2πr dr + π(dr)². r 5 செ.மீ., dr 1 மி.மீ. என்றால் இரண்டாவது உறுப்பு முதலாவதில் நூற்றில் ஒரு பங்கு. dr-ஐப் பத்தில் ஒன்றாக்கினால் ஆயிரத்தில் ஒன்று. dr சுருங்கச் சுருங்க அது தானாக ஒழிந்துபோகும்.

வளையம் எப்போதும் கைகொடுக்காது. சப்பாத்தியைக் கல்லில் திருப்பிப் போடும்போது அது விட்டத்தைச் சுற்றிப் புரள்கிறது. அந்த அச்சிலிருந்து பார்த்தால் ஒரே வளையத்தின் புள்ளிகள் வெவ்வேறு தூரத்தில் இருக்கின்றன, சில புள்ளிகள் அச்சின் மேலேயே கிடக்கின்றன. அங்கே r² போட்டால் மறுபடி MR²/2 வந்து ஏமாற்றும். துண்டு முழுவதும் அச்சிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், எனவே அச்சுக்கு இணையாகப் பட்டை பட்டையாக நறுக்க வேண்டும். x தூரத்தில் உள்ள பட்டையின் நீளம் 2√(R² − x²). எல்லை −R முதல் R வரை, x = R sin θ என்று வைத்தால் சுலபமாக முடியும், விடை MR²/4. தட்டின் தளத்தில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு விட்டங்களுக்கும் இதே மதிப்பு. இரண்டையும் கூட்டினால் மேலே வளையங்களால் கண்ட MR²/2 வந்து நிற்கும். அன்றைக்குப் பலகையில் இது வந்து நின்றபோது, மாவு காய்ந்துபோயிருந்தது.